நாலில் ஒன்றுதான் பெரிசு

சசீந்திரன் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். கடைசி பெஞ்சில் இருந்த வகுப்பாசிரியை ஷீபாவும் எழுந்துவிட்டார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்க, அவர் அவசரமாக உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

சசீந்திரன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர். விரிவுரையாளர்களும் ஒரு மாதம் பள்ளியில் வகுப்பு எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. பள்ளிக்கூடத்தில் அவர் நடத்தும் முதல் பாடம் இது. ஐந்தாம் வகுப்புப் பின்னத்துக்கு என்ன பெரிய தயாரிப்பு என்று வெறுங்கையோடு வந்திருந்தார்.

மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பாதி நேரம் பேசினார். பிறகு கரும்பலகையில் கையாலேயே இரண்டு வட்டம் போட்டார். ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் பிரித்தார்.

"மூணுல ஒண்ணு பெரிசா, நாலுல ஒண்ணு பெரிசா?"

"நாலுல ஒண்ணு," என்றது வகுப்பு முழுவதும்.

"இல்ல. மூணுல ஒண்ணுதான் பெரிசு."

"போர்டைப் பாருங்க மாஷே," என்றான் ஃபர்ஹான். "நாலுல ஒண்ணுதான் பெரிசா இருக்கு."

பார்த்தார். இரண்டாவது வட்டத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தார்.

"கீழ இருக்கிற எண் கூடினா பின்னம் சின்னதாகும். அதான் விதி. எழுதிக்கோங்க."

"அப்ப நாலாம் கிளாஸ் பசங்க எங்களைவிடப் பெரியவங்களா மாஷே?"

சிரிப்பு மணி அடிக்கும்வரை அடங்கவில்லை. போகிறபோது அனாமிகா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. "பாவம்டி, மாஷுக்கே தெரியல."

மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஷீபா எதிரில் வந்து அமர்ந்தார். அவர் முகத்தை சசீந்திரனால் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கும் இப்படின்னா கிளாஸை நானே எடுத்துக்கறேன் மாஷே. பசங்க தப்பா மனசுல வாங்கிட்டா அப்புறம் மாத்தறது கஷ்டம்."

"சரி."

"பாடம் முடியறப்ப பசங்களுக்கு என்ன செய்யத் தெரியணும்?"

"பின்னம்..."

"அது பாடத்தோட பேரு. அவங்க என்ன செய்வாங்க?"

சசீந்திரன் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினார். "ரெண்டு பின்னத்தைக் கொடுத்தா எது பெரிசுன்னு சொல்லணும். ஏன்னும் சொல்லணும்."

"எந்தத் தப்பான பதில் வரும்னு முதல்லயே எழுதிக்கிட்டீங்களா?"

 சசீந்திரன் தலையை மட்டும் அசைத்தார், இல்லை என்று.

அன்று மாலை அதைத்தான் முதலில் எழுதினார்: நான்கு மூன்றைவிடப் பெரிது, அதனால் நாலில் ஒன்றும் பெரிது என்பார்கள். அதைச் சுற்றியே பாடத்தை அமைத்தார். தொகுதி, பகுதி என்ற பெயர்களை அடுத்த நாளுக்குத் தள்ளினார். ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டி, தானே மடித்துப் பார்த்தார். நான்காக மடிப்பது சுலபம். மூன்றாக மடிக்கையில் கோணிக்கொண்டது. அதற்கு மட்டும் முன்பே பென்சில் கோடு போட்டு வைத்தார்.

மறுநாள் பதில் எதையும் அவர் சொல்லவில்லை.

"எது பெரிசுன்னு ஸ்லேட்ல எழுதி, எல்லாரும் ஒண்ணாத் தூக்குங்க."

மறுபடி நாலில் ஒன்று. இந்த முறை அவர் பதறவில்லை. "சரி, மடிச்சுப் பார்ப்போம்."

மடித்தார்கள். ஒரு துண்டின் மேல் மற்றதை வைத்தார்கள். ஃபர்ஹான் பட்டைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான்.

"மாஷே, பங்குக்கு ஆளு கூடினா பங்கு சின்னதாகுது."

"நேத்து போர்டுல ஏன் வேற மாதிரி இருந்தது?"

"நீங்க ரெண்டு சைஸ்ல பத்திரி ரொட்டி போட்டுட்டீங்க மாஷே. ஒரே சைஸா இருந்தாத்தானே பங்கு பார்க்கலாம்?"

வகுப்பு சிரித்தது. சசீந்திரனும் சிரித்தார்.

கடைசியில் மடிக்காமல் பதில் சொல்ல ஒரு கேள்வி கொடுத்தார்: ஐந்தில் ஒன்றா, ஆறில் ஒன்றா, ஏன்? சிலர் இன்னும் தவறாகவே எழுதினார்கள். நாளை அவர்களிடமிருந்து தொடங்கலாம் என்று பெயர்களைக் குறித்துக்கொண்டார்.

வராந்தாவில் ஷீபாவை நிறுத்தினார்.

"ரொம்ப நன்றி டீச்சர். தப்பான பதிலை முதல்ல எழுதணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

ஷீபா தரையைப் பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"நீங்கதான் மாஷே. ட்ரெயினிங் காலேஜ்ல, என்னை ஃபெயிலாக்கிட்டு."