தணிக்க இருவர் கைரேகை

தூத்துக்குடியில் பிள்ளைகளின் மணிக்கட்டில் இருக்கும் பட்டை, காய்ச்சலைச் சொல்வதுபோலவே காதலையும் பெற்றோருக்குச் சொல்லிவிடும். மகள் பிரின்சியைப் பற்றி அருளப்பனின் போனுக்கு வந்த செய்தி சுருக்கமாக இருந்தது: “முதல் ஈர்ப்பு. நாடித்துடிப்பு 126. தணிக்கவா?”

“தணிச்சிருங்கப்பா,” என்றாள் ஒன்பதாம் வகுப்பு பிரின்சி. “பக்கத்து பெஞ்ச் டெரிக் பேனா கேட்டான். கை வேர்த்துக் கீழ போட்டுட்டேன். கிளாஸே என்னைப் பார்த்த மாதிரி இருக்கு. சோறு இறங்கல. அவன் ஏன் சிரிச்சான்னே யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

அருளப்பன் விளக்கத்தை வாசித்தார். பருவ வயதில், மூளையில் ஆசையையும் இன்பத்தையும் உணரும் பகுதி முந்திக்கொண்டு விழித்துவிடுமாம். அதற்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முதிர இருபத்தைந்து வயதுகூட ஆகலாமாம். டோபமின் அவனையே நினைக்க வைக்கும். அட்ரினலின் நெஞ்சைப் படபடக்க வைக்கும். முதல் தடவை என்பதால், இது தானாக அடங்கும் என்று சொல்ல முந்தைய அனுபவமும் இருக்காது. “இது நோயல்ல” என்று முடித்து, அதற்குக் கீழேயே மருந்துக்கான பொத்தானை வைத்திருந்தார்கள்.

அமுக்கினார். தாயின் கைரேகையும் வேண்டும் என்றது. இல்லையென்றால் ‘இறந்துவிட்டார்’ என்று குறிக்க வேண்டும். மனைவி ஸ்டெல்லா போய் இரண்டு வருடமாகியும் அந்தக் கட்டத்தை அவர் தொட்டதில்லை.

“குறிச்சிருங்கப்பா,” என்றாள் மகள், மெதுவாக.

“உங்கம்மா இருந்தா ரேகை வச்சிருக்க மாட்டா, கழுத. ஒன்பதாவது படிக்கறப்ப, என்னைப் பார்த்த படபடப்புல பஸ்ஸ விட்டு இறங்க மறந்து ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போனவ.”

பிரின்சி நிமிர்ந்து பார்த்தாள். “எந்த ஸ்டாப்புப்பா?”

அருளப்பன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.