அழிக்க முடியாத ‘வீடு’

“போன கிறிஸ்மஸுக்கு இந்தப் பிள்ளை என் புரொஃபைல்ல உக்காந்து கார்ட்டூன் பாத்துட்டுப் போச்சு. ஈஸ்டர் வரைக்கும் எனக்குப் பன்னிக்குட்டிப் படமாவே காட்டுச்சுலா. இந்த வருசம் இதுக்குத் தனியா ஒன்னு போட்டுக் குடுத்துடறேன்.”

மாதச் சந்தா கட்டிப் படம் பார்க்கும் ஆப்பை டிவியில் திறக்க, கேப்ரியல் ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

தம்பி மகள் சாந்தினி, பாடாங் மேஹாவிலிருந்து மகளை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு கூலிமுக்கு வந்திருந்தாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்த முகம். குட்டி கேரன் டிவிக்கு முன்னால் சப்பணமிட்டாள்.

“உங்க வீட்டுல இதெல்லாம் இல்லையில்ல?” என்றார் கேப்ரியல்.

“இல்ல பெரியப்பா.”

“எல்லாம் ஷான் புண்ணியம். சிங்கப்பூர்ல இருந்துகிட்டு மாசா மாசம் அவன்தான் கட்டுறான். இந்த வருசம் லீவு கிடைக்கலயாம், பாவம்.”

வருகிறவர்கள் எல்லோருக்கும் கேக்குக்கு முன்பே பரிமாறப்படும், மகனைப் பற்றிய செய்தி இது. அடுப்படியில் மனைவி எவலின் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

டிவியில் ஐந்து முகங்கள் வரிசையாக வந்தன. வீடு, கேப்ரியல், எவலின், ஷான், கேதரின்.

“கூட்டல் குறி எங்கே? புதுசா சேக்கணும்னா கூட்டல் குறி வரும்னாங்களே.”

பினாங்கிலிருந்து லீவில் வந்திருந்த மகள் கேதரின் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள். “வராதுப்பா. ஒரு அக்கவுண்டுக்கு அஞ்சு புரொஃபைல்தான். அஞ்சும் நிறைஞ்சிருச்சு. ஒன்ன அழிச்சாத்தான் இன்னொன்னு.”

“அஞ்சு பேரு ஒரே நேரத்துல பாக்கலாமா?”

“அது வேற கணக்கு. நம்ம பிளானுக்கு ஒரே நேரத்துல ரெண்டு ஸ்க்ரீன்தான்.”

“சரி, உன்னோடத அழிச்சிடுறேன்.”

“அழிச்சா நான் பாத்தது, பாதியில விட்டது, பாக்கணும்னு வச்சது எல்லாம் போயிடும். என் கொரியன் சீரியல்ல இன்னும் கல்யாணமே ஆகல.”

“எவலின்?”

“என் சமையல் வீடியோவத் தொட்டா நாளைக்குச் சமையலும் இல்ல,” அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

“ஷானோடத அழிங்கப்பா. அவன் ஒரு நாளும் திறந்ததில்ல,” என்றாள் கேதரின்.

கேப்ரியலுக்குக் கோபம் வந்துவிட்டது. “காசு கட்டுறவன் பேரையே அழிக்கச் சொல்றியா? நல்லா இருக்குலா நியாயம்.”

சாந்தினி மகளின் தோளைத் தொட்டாள். “வேணாம் பெரியப்பா. அவ சும்மா இருப்பா.”

“நீ பேசாம இரு. ஓசியில பாக்க வர்றவங்களுக்கும் ஒரு ஒழுங்கு வேணும். அப்புறம் என்னோடதுல கைய வச்சிரும்.”

சாந்தினி எழுந்து, காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

“முதல்ல இருக்கே ‘வீடு’, அது யாருது? டிவியோட வந்ததா?” கேப்ரியல் திறந்து பார்த்தார். பாதியில் விட்ட படம் ஒன்றுகூட இல்லை. “பாரு, யாருமே பாக்கல. அழிச்சிட வேண்டியதுதான்.”

பென்சில் படத்தை அழுத்தினார். பெயரை மாற்றலாம், படத்தை மாற்றலாம். அழிக்கும் பொத்தான் மட்டும் இல்லை. கேதரின் புரொஃபைலில் பார்த்தார், இருந்தது. மறுபடி ‘வீடு’. இல்லை.

“டிவி கெட்டுப்போச்சு.”

“டிவி நல்லாத்தான் இருக்கு. யாரு அக்கவுண்ட் திறந்தாங்களோ, அவங்களோட முதல் புரொஃபைல அழிக்க முடியாதுப்பா.”

“அப்ப அதுவும் ஷானோடது. இவன் எதுக்கு ரெண்டு வச்சிருக்கான்?”

உடனே போன் போட்டார், ஸ்பீக்கரில். மகன் குரலை வந்தவர்களும் கேட்கட்டும் என்றுதான்.

“எந்த அக்கவுண்டுப்பா?” என்றான் ஷான். “நான் இங்க எனக்குத் தனியா வச்சிருக்கேன். நீங்களே எடுத்துக்கிட்டீங்கன்னு நினைச்சேன். சரி, வெளிய இருக்கேன், அப்புறம் பேசுறேன்.”

லைன் கட்டானது. முறுக்குச் சத்தமும் நின்றது.

“யாருதுன்னு பாத்துடலாம்,” என்று கேதரின் தன் போனில் அக்கவுண்ட் பக்கத்தைத் திறந்து, எதையோ மாற்றப் போனாள். அக்கவுண்ட் சொந்தக்காரருடைய நம்பருக்கு ஒரு கோட் எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடவும் என்றது.

சாப்பாட்டு மேசைமேல், ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் கிடந்த போன் ‘டிங்’ என்றது.

சாந்தினியின் போன்.

எவலின் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “நீங்க கால ஒடச்சிக்கிட்டுச் சுவத்தப் பாத்துப் படுத்திருந்தீங்களே, அப்ப ஷான்கிட்டதான் இதப் போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேட்டேன். பாக்கலாம்மான்னான். இவ வந்து போட்டுக் குடுத்தா. இன்னிக்கு வரைக்கும் இவதான் கட்டுறா. இந்த டிவியத்தான் வீடுன்னு பதிஞ்சு வச்சிருக்கா, அவ வீட்டு டிவியில போட்டா ஓடாது.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“ஷான் போட்டதுன்னு சொல்லுங்க, அப்பத்தான் பெரியப்பா பாப்பாருன்னா.”

அடுப்படி வாசலில், சோப்பு நுரைக் கையோடு சாந்தினி நின்றாள். “மன்னிச்சிருங்க பெரியப்பா.”

கேப்ரியல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்தார். வரிசையில் நகர்ந்து, ஷான் பெயரில் நின்று, பென்சிலை அழுத்தினார். அங்கே பொத்தான் இருந்தது.

இதுவரை பார்த்ததெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று டிவி கேட்டது.

அழிவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.