மாத்திறை

காலை எட்டு மணி. ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் குளித்து, சாப்பிட்டு, தண்ணீர் டம்ளரும் மாத்திரையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். காலை நடை, தோழியிடம் பேசும் அரட்டை எல்லாவற்றையும் இந்த எட்டு மணிக்காக ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தாயிற்று. நேற்று விடுமுறைக்கு வந்த மகள் எதிரே அமர்ந்து இரு கைகளாலும் ஆரஞ்சு உரிக்கிறாள். அவளுடைய போன் மேஜையில் இருண்டு கிடக்கிறது. டீச்சரின் போன் மினுங்குகிறது. மகளுடையது என்று அவர் சேமித்துவைத்த ‘பாப்பா ஆபீஸ் நம்பர்’ கேட்கிறது: ‘அம்மா, மாத்திறை போட்டாச்சா?’ டீச்சர் போனைப் பார்க்கிறார், மகளைப் பார்க்கிறார்.

“நீ இங்கதானே இருக்கே?”

“அது தானா வரும்மா. ஒரு தடவை செட் பண்ணிட்டா அது பாட்டுக்கு அனுப்பும்.”

‘1’ என்று பதில் போட்டால் அன்றைக்கு விட்டுவிடும். போடாவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி கேட்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னொரு பத்து நிமிடத்தில் மகளுக்குச் சொல்லும். நான்கு மாதமாக டீச்சர் ‘1’ போட்டு, கீழே ‘றை இல்லடி, ரை’ என்று திருத்தி, முழங்கால் வலியையும் முந்தின ராத்திரிக் கனவையும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

“நான் எழுதினதெல்லாம் யாரு படிச்சா?”

“அதுக்கு ஒண்ணு மட்டும்தாம்மா புரியும்.” மகள் ஒரு சுளையை நீட்டுகிறாள்.

டீச்சர் போனைக் கவிழ்த்து வைக்கிறார். பத்து நிமிடத்தில் அது மறுபடி அதிர்கிறது. “ஒண்ணு போட்டுடும்மா.” டீச்சர் அசையவில்லை. டம்ளரின் மேல் இருந்த வெயில் மாத்திரைக்கு நகர்கிறது. இப்போது மகளின் போன் அலறுகிறது. டீச்சர் அதை எட்டி எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார்:

“உங்கள் அம்மா பதில் சொல்லவில்லை. உடனே பேசவும்.”