பக்கத்து சீட் பிரேக்

"மாஸ்டர், கதவைச் சாத்திட்டு உக்காருங்க."

மேடம் கதவைச் சாத்தச் சொன்னால் யாருக்கோ சீட்டு கிழியப் போகிறது என்று அந்த டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் தெரியும். பார்க்கிங் தொல்லை என்று காரை வீட்டில் போட்டுவிட்டு தினமும் டாக்ஸியில் வருகிறவர், இன்று வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

"ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்க?"

போச்சுடா!

"நேத்து ஒரு அம்மா வந்தாங்க. நம்மகிட்ட கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கினவங்க. 'உங்க மாஸ்டர் தங்கமானவர், ஞாயித்துக்கிழமை எங்க கார்லயே சொல்லிக் கொடுத்தாரு, இப்ப தைரியமா ஓட்டறேன்'னு ஒரே புகழாரம்!"

புகழ்கிறேன் பேர்வழி என்று அந்த மகராசி நன்றாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"வெளிய கிளாஸ் எடுக்கக் கூடாதுன்னு சேரும்போதே சொன்னேனா இல்லையா? என் கஸ்டமரை நீங்க தள்ளிட்டுப் போறது நியாயமா?"

"தள்ளிட்டுப் போகல மேடம். இங்க முடிச்சு, லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு மட்டும்தான். காசு வாங்கறேன், பொய் சொல்ல மாட்டேன்."

"லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு இன்னும் என்ன பாடம்?"

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனது ஆகட்டும்.

"ஒரு வண்டியில நாலு பேரை ஏத்தறோம். ஒருத்தர் ஓட்டும்போது மூணு பேர் பின்னாடி காத்துக்கிட்டு இருக்காங்க. வண்டி நின்னு நின்னு போனா அடுத்த ஆளுக்கு நேரம் இருக்காது. அதனால என் பக்கத்துல இருக்கற கிளட்ச், பிரேக் ரெண்டையும் நானே மிதிச்சிடறேன். அவங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, தாங்களே ஓட்டறதா நினைச்சுக்கறாங்க. டெஸ்ட் வரைக்கும் இதே கதைதான். சொந்தக் கார்ல பக்கத்து சீட்டுக்கு ஏது பிரேக்? அங்க உக்காந்ததும் காலெல்லாம் நடுங்குது. பாவம்னு போனேன் மேடம்."

சொல்லி முடித்ததும் மாஸ்டரே எழுந்து ஸ்கூல் கார் சாவியை மேஜையில் வைத்தார்.

"நான் கிளம்பறேன் மேடம்."

"உக்காருங்க மாஸ்டர்." சாவி அவர் பக்கமே திரும்பி வந்தது. "இனிமே வண்டிக்கு ரெண்டு பேர் போதும். அவங்கவங்க பிரேக்கை அவங்கவங்களே மிதிக்கட்டும். ஆபத்துன்னா மட்டும் நீங்க காலை வைங்க."

"சரிங்க மேடம். இனிமே ஞாயித்துக்கிழமை எங்கயும் போகல."

"இந்த ஞாயிறு மட்டும் போகணும்."

"எங்க மேடம்?"

கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார் மேடம். குரல் இறங்கிவிட்டது.

"என் வீட்டுக்கு. என் டெஸ்ட் அன்னைக்கும் பிரேக்கை மிதிச்சது நீங்கதானே மாஸ்டர்?"