அடியில்லாத பானை

உள்ளூர்த் தொழில்கள் பற்றிய பள்ளிச் செயல்திட்டத்துக்கு, அப்பா சக்கரத்தில் பானை வனைவதைக் கவிதையாக எழுதி வாசித்துக் காட்டினாள் வள்ளிமயில். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் வனைந்து, சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்த பானை அம்மாவின் மடியில் இருந்தது. அதற்கு அடி கிடையாது. நிழலில் சற்று இறுகியிருந்த அதன் உள்ளே கல்லை அணைத்து, வெளியே பலகையால் அவள் தட்டத் தட்ட, மண் மெலிந்து பரவி, ஓட்டை சுருங்கிக்கொண்டே வந்தது.

“நல்லாருக்கு. தண்ணி ஊத்துனா ஒங்கப்பா பானையில நிக்குமா?” என்றாள் அம்மா, கை நிற்காமல்.

வள்ளிமயில் தாளைப் பார்த்தாள். அதில் அம்மாவே இல்லை.

“ஒரு பானைக்கு எத்தன தட்டும்மா?”

“யாரு எண்ணுனா?”

வள்ளிமயில் தாளைக் கீழே வைத்துவிட்டு, அருகில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள்.