நேராக வந்த டெவில்

"ஒரு பொம்பள அவரைப் பிடிச்சு வச்சிருக்காங்க ஆன்ட்டி. விடவே மாட்டேங்கறாங்க" என்று சொல்லும்போதே ஜாஸ்மினுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹெலனுக்கு இந்த மாதிரி கேஸ் என்றால் அல்வா சாப்பிடுவது போல. ஆம்பூர் பஜாரில் பியூட்டி பார்லருக்கு மேல் மாடியில், சர்ச்சில் யாருக்கும் தெரியாமல் டாரட் கார்டு போட்டுக் குறி சொல்கிறாள். மேஜைமேல் விரித்திருப்பது ஷூ கம்பெனியில் வெட்டி மிஞ்சிய மெத்தென்ற தோல்.

அவள் போன் டிங் என்றது. எட்டிப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டதாக மகன் மெசேஜ் அனுப்பியிருந்தான். நிம்மதியாகக் கார்டுகளைக் கலைக்க ஆரம்பித்தாள்.

"வீட்ல எனக்கு வேற மாப்பிள்ளை பார்த்துட்டாங்க. இந்த வாரம் பதில் சொல்லணும். அவரோ அவங்க முன்னாடி என் பேரைச் சொல்லவே பயப்படறாரு."

"அவளுக்கு வயசு இன்னா?"

"அவரைவிட ரொம்ப ஜாஸ்தி. அவங்க..."

"குடியைக் கெடுக்கறவளுக்கு அவங்க இவங்கன்னு மரியாதை வேறயா? சரி, அவரை நெனைச்சுக்கிட்டு இடது கையால சீட்டுக்கட்டைப் பிரி."

ஜாஸ்மின் பிரித்தாள். ஹெலன் நான்கு கார்டுகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்தாள். முதலாவது அவர் நிலைமை, அடுத்தது அவர் எதைக் காணாமல் இருக்கிறார் என்பது, மூன்றாவது அவரைக் கட்டியிருப்பது, கடைசி வெளியே வரும் வழி.

முதலில் வந்தது எட்டு வாள். கண்ணைக் கட்டி, உடம்பைச் சுற்றிக் கயிறு போட்டு, வாள்களுக்கு நடுவே ஒருத்தி நிற்கிற படம்.

"பார்த்தியா, காலைக் கட்டலை. முன்பக்கம் வாளும் இல்ல. நடந்து வெளியே வந்துடலாம். கண்ணைக் கட்டியிருக்கறதால வழி இல்லன்னு நெனைச்சுக்கிட்டு நிக்கறாரு."

இரண்டாவது எம்ப்ரெஸ், தலைகீழாக விழுந்திருந்தது. ஹெலன் உச்சுக் கொட்டினாள்.

"இது அம்மா கார்டும்மா. நேரா வந்தா அரவணைப்பு. தலைகீழா வந்தா அதே அக்கறை ஜாஸ்தியாகி ஆளை மூச்சு முட்ட வைக்கும். கில்லாடி பொம்பள, அம்மா மாதிரியே நடிச்சு வளைச்சிருக்கா!"

மூன்றாவதைத் திருப்பியதும் ஜாஸ்மின் பின்னால் நகர்ந்தாள். ஆட்டுக்கொம்பும் வௌவால் சிறகுமாக டெவில் உட்கார்ந்திருந்தது. அதன் பீடத்து வளையத்திலிருந்து வந்த சங்கிலி, கீழே நின்ற ஆண், பெண் இருவர் கழுத்திலும் கிடந்தது.

"பயப்படாதே. பேய், பில்லி சூனியம் எதுவும் இல்ல. ஒருத்தரை ஒருத்தர் விட முடியாம ஒட்டிக்கிட்டுக் கெடக்கறதைத்தான் இது காட்டுது. அந்தச் சங்கிலியை நல்லாப் பாரு."

"தொளதொளன்னு இருக்கு."

"அதேதான். தலைக்கு மேல தூக்கினா கழண்டுடும். கையும் சும்மாதான் இருக்கு. ஆனா ரெண்டு பேரும் தூக்க மாட்டாங்க, பழகிப்போச்சு. தலைகீழா வந்திருந்தா கழண்டுக்கிட்டு இருக்குன்னு சொல்லலாம். நேரா வந்திருக்கு, பிடி இன்னும் இறுக்கம்."

"அப்போ அவங்கதான் அந்த டெவிலா?"

"இல்ல, அவளும் கீழே சங்கிலியிலதான் நிக்கறா. மேலே இருக்கறது ஆளில்ல, 'எனக்கு மட்டும்தான்'ங்கற வெறி."

மிச்சக் கட்டைத் துழாவி லவ்வர்ஸ் கார்டை எடுத்து டெவில் பக்கத்தில் வைத்தாள். அதிலும் ஓர் ஆண், ஒரு பெண். மேலே மட்டும் ஒரு தேவதை நின்றது.

"ரெண்டும் ஒரே மாதிரி படம். அன்புன்னு நெனைச்சுத்தான் மாட்டிக்கறது. எங்க இருக்கே, யார்கூட இருக்கேன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. இவரும் பாசம்னு பதில் சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"நிஜம் ஆன்ட்டி. அப்படியேதான்."

கடைசி கார்டு ஆறு வாள். படகு ஒன்று கரையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"வழி இதான். கெளம்பணும். வாள் படகுலயே குத்தியிருக்கு பாரு, மனசு கஷ்டமும் கூடத்தான் வரும். ஆனா போற பக்கம் தண்ணி அமைதியா இருக்கு."

"நான் சொன்னா கேக்க மாட்டாரு ஆன்ட்டி. கீழே பைக்குலதான் இருக்காரு. நீங்களே சொல்றீங்களா?"

"கூப்பிடு. ரெண்டு வார்த்தை உறைக்கிற மாதிரி சொல்றேன். என் பேச்சை இதுவரைக்கும் யாரும் தட்டினதில்ல."

ஜாஸ்மின் போன் செய்தாள். படியில் தயங்கித் தயங்கிக் காலடிச் சத்தம் கேட்டது. தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் கதவோரம் வந்து நின்றான்.

ஹெலன் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டெவில் கார்டில் விரலை ஊன்றிக்கொண்டு பொரிந்து தள்ளினாள்.

"இதோ பாரு தம்பி, ஆம்பளையா லட்சணமா அந்தப் பொம்பளைகிட்ட போய், எனக்கு ஜாஸ்மின்தான்னு நேரா சொல்லு. அழுவா, பி.பி. ஏறிடுச்சும்பா, சோறு தண்ணி வேணாம்பா. எல்லாம் டிராமா, நம்பாதே! நீ இல்லாட்டி அவ ஒண்ணும் செத்துட மாட்டா. இன்னிக்கே சொல்லணும், இன்னா?"

ஜாஸ்மின் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் இப்போது அழுகையின் சுவடே இல்லை.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க அத்தை, ஹெல்மெட்டுல உங்க புள்ளைக்குச் சரியா கேட்டிருக்காது."