கீழ் வீடு

ஹவ்வா உம்மாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது, கீழே கதைத்துக்கொண்டு இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஒருவர் தொப்பியைச் சரிசெய்து, இறந்தவர்களுக்காகச் சொல்லும் 'இன்னா லில்லாஹி'யைச் சொல்லத் தொடங்கினார்.

"நான் மௌத்தாகல்ல தம்பி. கிளினிக்குப் போறன்" என்று பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி சொன்னாள் உம்மா.

புத்தளம் களப்போரத்துத் தொடர்மாடியில் அவர்களுடைய வீடு மூன்றாம் மாடியில். சீட்டுக் குலுக்கி வீடு கொடுத்த வருசம் உம்மா நன்றாக நடந்து திரிந்தாள். பிறகு பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. லிப்ட் இல்லாத கட்டடம், ஐம்பத்து நாலு படி. மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு மட்டும்தான் இறக்கம். கரைத்தீவில் சொந்தத் தங்கை மௌத்தான அன்று தூக்க ஆள் கிடைக்கவில்லை. உம்மா யன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்து அழுதாள். அவளைத் தனியே விட முடியாததால் மகள் நபீலாவுக்கும் அந்த வீடு மறியற்சிறைதான்.

நபீலா கீழ் வீடு கேட்டு விண்ணப்பித்தாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கிராம சேவகர் கடிதம், படியேற இயலாது என்ற டொக்டரின் சான்றிதழ், கிளினிக் கொப்பியின் பிரதி எல்லாம் இணைத்தாள். குடியிருப்பு அலுவலர் றொபின்சன் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, அவளுடைய பெயரை ஐந்தாவதாகப் பதிந்தார். கீழ்த்தளத்தில் எட்டே வீடுகள். யாராவது வெளியேறினால்தான் முதலாவது பெயருக்கே இடம் வரும். இரண்டு வருசமாக யாரும் வெளியேறவில்லை.

வேறு வழி ஒன்று இருப்பதாக அவர் சொன்னார். கீழ் வீட்டுக்காரர் யாராவது மனமொத்து மாறச் சம்மதித்தால் பட்டியலில் காத்திருக்கத் தேவையில்லை. வீடு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்கள் இருவரும் அவருக்கு முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டு வீட்டையும் அவர் வந்து பார்ப்பார்.

நபீலா எட்டுக் கதவையும் தட்டினாள். ஒரு வீட்டில் கைக்குழந்தை, இன்னொரு வீட்டில் கண் தெரியாத தகப்பன். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. கடைசிக் கதவு மாக்கிறட்டுடையது. வன்னியிலிருந்து வந்தவள், முன் விறாந்தையில் தையல் மெசின் போட்டு ஆறு வயது மகள் தர்சனாவுடன் இருந்தாள். நபீலா கேட்டு முடிக்க முன்னரே அவள் ஓமென்றாள்.

நபீலாவுக்குச் சந்தோசத்தை விடக் கூச்சம்தான் கூட வந்தது. சட்டை தைக்கக் கொடுக்கிறவர்கள் மூன்று மாடி ஏறி வருவார்களா என்று அவளே கேட்டாள். வேண்டியவர்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டு மாக்கிறட் நூல் கோர்த்தாள்.

வீடு பார்க்க வந்த றொபின்சன், மாக்கிறட்டின் முன்கதவில் கொஞ்ச நேரம் நின்றார். கொண்டி புதிது. அதற்கு மேலே பழைய கொண்டிகள் பிடுங்குப்பட்ட இரண்டு தழும்புகள். காற்றுக்குக் கழன்றதென்று அவள் சொன்னாள். அவர் அதைப் படிவத்தில் குறித்துக்கொண்டார்.

விதிப்படி இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, யாராவது வற்புறுத்தினார்களா என்று விசாரித்தார். புருசன் சம்மதமா என்றும் மாக்கிறட்டிடம் கேட்டார். வீடு தன் பெயரில் என்றும், புருசன் உச்சமுனையில் மீன்பிடி வாடியில் இருக்கிறார், சனிக்கிழமைகளில் மட்டும் வந்து போவார் என்றும் அவள் சொன்னாள். குடும்பப் பட்டியலில் அவருடைய பெயர் இல்லாததால் றொபின்சன் மேலே கேட்கவில்லை.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை சாமான்கள் மாறின. உம்மா வாசலில் கதிரை போட்டு, இரண்டு காலையும் மணலில் வைத்து, போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டுச் சுகம் விசாரித்தாள்.

பின்னேரம் நபீலா வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு மேலே போனாள். தான் இருந்த அதே வீடு, அதே யன்னல். இந்தக் கம்பிக்குப் பின்னால் இன்னொருத்தியை அடைத்துவிட்டேனே என்று நினைத்தபடி தட்டை நீட்டினாள்.

"அக்கா, எங்களுக்காக நீங்க இங்க வந்து சிறைப்பட்டுப் போனீங்க. இதை நான் எப்படித் தீர்ப்பன்?"

மாக்கிறட் பதில் சொல்ல முன் கீழே ஒரு ஆண்குரல் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தியது. தர்சனா ஓடி வந்து தாயின் சீலையைப் பிடித்தாள்.

நபீலா எட்டிப் பார்த்தாள். படியடியில் மாக்கிறட்டின் புருசன் சாள்ஸ் நின்றான். குடித்திருந்தான். வள்ளத்தில் விழுந்து நொறுங்கிய அவனுடைய வலது முழங்கால் மடியாது. கைபிடியைப் பற்றி இரண்டு படி ஏறினான், மூன்றாவதில் குந்திவிட்டான். வெறுங்கையால் சுவரில் அறைந்தான். கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு றோட்டுப் பக்கம் போனான்.

மாக்கிறட் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து மெசினடியில் இருந்தாள்.

"நான்தான், நபீலா, இண்டைக்கு வெளியில வந்திருக்கிறன்."